நீண்டநாள் விருந்தினர்

ஜூன் 9, 2024, ஞாயிறு

இட்லி மாவு பொங்கி மேடை முழுக்க வழிந்துவிட்டது. இந்தக் கல்கத்தா வேக்காட்டில் மாவுக்குக்கூடப் பொறுமை கிடையாது. துடைத்து முடித்துக் குடியிருப்புக் கூட்டத்துக்குப் போவதற்குள் பாதிப் பேர் பேசி முடித்திருந்தார்கள்.

போன மாதம் மூன்றாம் மாடியில் நடந்ததுதான் பேச்சு. கூரியர் என்று சொல்லி ஒருவன் ஏறிப்போய், தனியாக இருந்த அம்மாளின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். வாசல் நோட்டில் ஏதோ ஒரு பெயரும், ஒரு எண் குறைந்த போன் நம்பரும் எழுதியிருக்கிறான். காவலாளி பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள் அந்த நோட்டை?

செயலாளர் கோவிந்தராஜன் சார் எழுந்தார். எங்கள் வீட்டை விட்டால் இங்கே இருக்கும் ஒரே தமிழ் வீடு அவருடையது. ராணுவக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணம், எதையும் மெதுவாகச் சொல்லுவார். 'பாஷே' என்று ஒரு செயலி. வங்காள மொழியில் 'பக்கத்தில்' என்று அர்த்தம். வருகிறவரை வாசலில் படம் எடுத்து, பெயரும் உறவும் கேட்டு, நம் போனுக்கு அனுப்பும். நாம் 'சரி' அழுத்தினால் கதவு திறக்கும். அவ்வளவுதான்.

நான்தான் கையைத் தூக்கினேன். "வீட்டுக்காரங்க பதிலே சொல்லலேன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

"நீங்களே சொல்லுங்கம்மா."

"உள்ள விடக் கூடாது. பதில் இல்லேன்னா மறுப்புன்னு வச்சுக்கணும்."

கைதட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன். காவலாளிகளிடம் யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்றும் ஒரு விதி வந்தது. நான்காம் மாடி மனுஷன் அந்தப் பையன்களை ஏசுகிற ஏச்சைக் கேட்டிருக்கிறேன். அதற்கும் கை தூக்கினேன். கூட்டத்துக்கு வராதவர்கள் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்றார்கள். அதுவும் சரிதான். வருவதே எங்களைப் போல் பத்து ஜோலியற்றதுகள்தானே.

ஜூன் 23, ஞாயிறு

இன்று பதிவு. செயலி நிறுவனத்தின் பெண், தீப்தி என்று பெயர், வீடு வீடாக வந்தாள். சிரித்த முகம். உரிமையாளர் நானும் ஜெயந்தும். முடிந்தது. அடுத்தது அப்பா.

அம்மா போன பிறகு பாளையங்கோட்டை வாடகை வீட்டைக் காலி செய்து, அப்பாவை இங்கேயே கூட்டிவந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இனி அவருக்கு வேறு வீடு கிடையாது. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தீப்தியின் செயலிக்குத்தான் தெரியவில்லை. 'குடும்பம்' என்ற கட்டத்தில் போட்டால் குடும்பப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டுமாம். சாட்டர்ஜி என்றால் வீட்டில் எல்லோரும் சாட்டர்ஜி. நான் யசோதா ஜெயந்த். அவர் ஜெயந்த் ராமசுப்பு. அப்பா வெறும் மீனாட்சிசுந்தரம். முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. எங்களைக் கணவன் மனைவி என்று ஏற்றுக்கொண்டதே வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருப்பதால்தான்.

"உங்க ஆளுங்களுக்கு ஏன் ஆன்ட்டி ஒருத்தர் பேரு இன்னொருத்தரோட சேரவே மாட்டேங்குது?" என்றாள் தீப்தி இந்தியில். "விடுங்க, நீண்டநாள் விருந்தினர்னு போட்டுடலாம். அதுலயும் எல்லா வசதியும் வரும். ஒரு நிமிஷ வேலை."

அழுத்திவிட்டாள். எனக்கும் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் சொன்னதற்கு ஒரே சிரிப்பு. "மக வீட்டுல நான் விருந்தாளியாட்டீ? விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாவ. பாத்துக்கோ, நாலாம் நாளு கசந்துரப் போறேன்."

ஜூலை 2, செவ்வாய்

பால்காரர், பேப்பர்காரர், வேலை செய்யும் மாலதி, எல்லோருக்கும் முகப்பதிவு முடிந்தது. வாசலில் கூட்டமே இல்லை. நன்றாக இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

லிஃப்டிலும் மாடிப்படியிலும் கேமரா வைத்துவிட்டார்கள். முகம் தெரிந்தால்தான் லிஃப்ட் நகரும். இதைவிட நல்லது ஒன்று சொல்கிறேன்: 'முதியோர் கவனம்'. அப்பா வெளியே போனால் எனக்கு ஆபீஸில் செய்தி வருகிறது. லேக் மார்க்கெட் போய்ச் சுற்றிவிட்டு, தமிழ்க்கடையில் நின்று ஊர்க்கதை பேசிவிட்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனால் இன்னொரு செய்தி. திரும்பி வந்ததும் பச்சை டிக்.

எவ்வளவு நிம்மதி! முன்பெல்லாம் மதியம் போன் செய்து அவர் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து பார்த்துவரச் சொல்லுவேன். ஜெயந்திடம் சொன்னேன், பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்கொள்ளாது என்று. அப்பாதான், "நான் கக்கூசுக்குப் போறதும் ஒனக்கு வருமாட்டீ?" என்று கேட்டார். சவம், எப்பவும் இந்தப் பேச்சுதான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீடுகளுக்கு நிறம் வந்திருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு. விதி மீறாமல் இருந்தால் பச்சை. பச்சை வீட்டுக்குச் சாமான் கொண்டுவருகிறவர் நேராக மேலே வரலாம். மஞ்சள் என்றால் நாம் கீழே போய் வாங்க வேண்டும். சிவப்புக்கு வெளியாள் வருகை மாதத்துக்கு நான்கே நான்கு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். குப்பையைத் தப்பு டப்பாவில் போடுவது, காவலாளியிடம் கத்துவது எல்லாவற்றுக்கும் நிறம் குறையும். கத்துவதை வாசல் மைக்கே கேட்டுக்கொள்கிறது. நான்காம் மாடி மனுஷன் மஞ்சள். அவரே கீழே வந்து வெங்காய மூட்டை தூக்கிப் போவதைப் பார்த்து நானும் எதிர்வீட்டு கீதாஞ்சலிதியும் ('தி' என்றால் அக்கா) சிரித்தோம். நாங்கள் பச்சை.

பக்கத்துத் தெருக் குடியிருப்புகளும் பாஷேயில் சேர்ந்துவிட்டன. ஒரே தகவல், எல்லா வாசலுக்கும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்றைய விதி கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஒரு வீட்டில் விருந்தினர் என்று சொல்லி வாடகைக்கு ஆள் வைத்து ஒருவர் பிடிபட்டார். அதனால் நீண்டநாள் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு அண்டை வீட்டார் மாதாமாதம் உத்தரவாதம் தர வேண்டும். விருந்தினர் தப்பு செய்தால் உத்தரவாதம் தந்த வீட்டுக்கும் நிறம் குறையும்.

கோவிந்தராஜன் சாரிடம் கேட்டேன், "எங்கப்பா எப்படி சார் விருந்தாளி?"

"தெரியும்மா. நமக்குத் தெரியாதா? ஒரு சம்பிரதாயம். ரெண்டு பேர் கை வச்சா ஆச்சு. நானே ஒண்ணு தரேன்."

இன்னொன்று கீதாஞ்சலிதி. அவள் யோசிக்கவே இல்லை. "மேஷோமொஷாய்க்கு நான் தராம யார் தருவா?" என்று நின்ற இடத்திலேயே அழுத்தினாள். அப்பாவைச் சித்தப்பா முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் கணவருக்குப் பக்கவாதம், படுக்கையில்தான். அப்பா தினமும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருப்பார். அவர் வங்காள மொழியில் ஏதோ முனகுவார். இரண்டு பேருக்கும் திருப்தி.

அக்டோபர் 11, வெள்ளி

துர்கா பூஜை அஷ்டமி. நம் குடியிருப்புப் பந்தலில் புஷ்பாஞ்சலிக்குக் கூட்டமே இல்லை. போன வருஷம் தெருவே உள்ளே இருந்தது. இந்த வருஷம் வெளியார் ஒவ்வொருவரையும் ஏதாவது ஒரு வீடு அழைக்க வேண்டும், அழைத்த வீடு பொறுப்பு. யாரும் யாரையும் அழைக்கவில்லை. டாக் மேளம் அடிக்கிறவர்கள் நாற்காலிகளுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். கீதாஞ்சலிதி, "இந்தத் தடவை சுத்தமா இருக்கு, இல்ல?" என்றாள். நானும் ஆமாம் என்றேன். சொன்ன பிறகு என்னவோ போல் இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

அப்பா இன்று ஒரு பையனைச் சாப்பிடக் கூட்டி வந்தார். சிபி. ஊர் கோவில்பட்டி, ஜாதவ்பூரில் மேல்படிப்பு. தமிழ்க்கடையில் தோசைக்கு நின்றவனிடம் "எந்த ஊருடே?" என்று ஆரம்பித்திருக்கிறார். வேறென்ன வேண்டும்?

பையன் சாம்பாரைக் குடித்தே தீர்த்தான். "அக்கா, மூணு மாசமாச்சுக்கா இப்டி ஒரு சாப்பாடு சாப்ட்டு." பாவமாக இருந்தது. கத்தரிக்காய்ப் பொரியலைக் கட்டிக் கொடுத்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

வீடு மஞ்சள்.

காரணம் 'பொய் உறவு அறிவிப்பு'. வாசலில் நிதாய், நம் பகல் காவலாளி, சிபியைப் படம் எடுத்து "உறவு என்ன?" என்று கேட்டிருக்கிறான். அப்பா, "பேரன் முறைடே" என்றிருக்கிறார். நிதாய் 'பேரன்' என்று தட்டிவிட்டான். சிபியின் முகத்தைப் பல்கலைக்கழகத்துப் பக்கக் குடியிருப்பு ஒன்றின் வருகைப் பதிவோடு பாஷே ஒப்பிட்டுப் பார்த்தது. பேரன் இல்லை. அறிவித்தவர் நீண்டநாள் விருந்தினர். ஆகவே விருந்தினர் பொய் சொன்னார்.

"அப்பா, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன என்னன்னு சொல்ல? யாரோன்னா? சோறு போடக் கூட்டிட்டு வாறவன யாரோன்னு சொல்லுவானா ஒருத்தன்?"

அவர் கேட்பது நியாயம்தானே. நாம் யாரைத்தான் உறவு சொல்லாமல் கூப்பிடுகிறோம்? நிதாயே என்னை 'பௌதி' என்றுதான் கூப்பிடுகிறான், அண்ணி. அதை யாரும் பொய் அறிவிப்பு என்று எழுதவில்லை.

மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் எழுதினேன். உடனே பதில்: உங்கள் விளக்கம் பெறப்பட்டது. அறிவிப்பு பொய் என்பதை நீங்கள் ஒப்புக்கொண்டமைக்கு நன்றி.

அக்டோபர் 25, வெள்ளி

புயல் கரையேறி விடாத மழை. கீதாஞ்சலிதி வீடும் மஞ்சள், கோவிந்தராஜன் சார் வீடும் மஞ்சள். அப்பாவுக்கு உத்தரவாதம் தந்ததால். மஞ்சள் வீட்டுக்கு வருகிற ஆயாவை ஒவ்வொரு முறையும் கீழே போய் நேரில் அடையாளம் காட்டி அழைத்துவர வேண்டும். படுக்கையில் கிடப்பவரைத் தனியாக விட்டுவிட்டு கீதாஞ்சலிதி மழையில் வாசலுக்கு ஓடுகிறாள். நான் போகிறேன் என்றேன். கூடாதாம், அந்த வீட்டு உரிமையாளரே வர வேண்டும்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்று எதிர்வீட்டுக்குப் போகவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

கீதாஞ்சலிதி வந்தாள். உட்காரவில்லை. அவள் போன வாரம் வாசலில் நின்ற நேரத்தில் அவள் கணவர் கட்டிலில் இருந்து சரிந்துவிட்டாராம். நெற்றியில் தையல்.

"யசோதா, நான் என்ன பண்ணட்டும் சொல்லு. இன்னொரு தடவை குறைஞ்சா எங்க வீடு சிவப்பு. சிவப்புன்னா ஆயா மாசத்துக்கு நாலு நாள்தான் வர முடியும்."

"புரியுது திதி."

"மேஷோமொஷாய் கிட்ட நான் எப்படி முகம் காட்டுவேன்?"

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் கண் முன்னால்தான் உத்தரவாதத்தை எடுத்தாள். எடுத்த கையோடு அவள் வீடு பச்சையாகிவிட்டது, உடனே. அவள் அதைப் பார்த்துவிட்டு இன்னும் அழுதாள். அவள்மேல் கோபப்பட முடியவில்லை. கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கோவிந்தராஜன் சார் போனில் சொன்னார், அவருடையதையும் எடுத்துவிட்டதாக. செயலாளர் வீடு மஞ்சளாக இருக்கக் கூடாதாம். அவரே கொண்டுவந்த விதி.

நவம்பர் 10, ஞாயிறு

ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினேன். எல்லோரும் உள்ளே அழைத்தார்கள், டீ கொடுத்தார்கள், சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்கள். ஒருத்தரும் கை வைக்கவில்லை. "உங்க அப்பா தங்கமான மனுஷர், ஆனா எங்க பொண்ணுக்கு ட்யூஷன் வாத்தியார் வரணும்." "எங்க மாமியாருக்கு பிசியோதெரபி." எல்லோருக்கும் யாரோ ஒருவர் வந்தாக வேண்டியிருக்கிறது. பிச்சைக்காரியைப் போல் நின்றேன். நான்காம் மாடி மனுஷன் மட்டும் உண்மையைச் சொன்னார்: "நான் மஞ்சளா இருந்தப்போ நீங்க சிரிச்சீங்க, பௌதி."

மாதம் முடிவதற்குள் இரண்டு உத்தரவாதம் இல்லையென்றால் அப்பாவின் பதிவு போய்விடும்.

நவம்பர் 18, திங்கள்

வழி கிடைத்துவிட்டது! என் வருமானவரி அட்டையில் தகப்பன் பெயர் மீனாட்சிசுந்தரம் என்று அச்சடித்திருக்கிறதே. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை? மண்டையில் களிமண். தீப்திக்குப் போன் செய்தேன். "ஆமா ஆன்ட்டி, அரசாங்க ஆவணம் செல்லும். குடும்ப வகைக்கு மாத்திக்கலாம். அப்புறம் உத்தரவாதமே வேணாம்." படம் எடுத்து ஏற்றிவிட்டேன்.

அப்பாவுக்குக் கேசரி கிளறினேன். "இப்பவாது நான் ஒன் அப்பம்னு நிரூபணம் ஆச்சா?" என்றார். சிரித்தோம். ரொம்ப நாளுக்கப்புறம் சிரித்தோம்.

நவம்பர் 21, வியாழன்

வீடு சிவப்பு.

எப்படி எழுதுவது இதை? ஆவணம் சரி, அவர் என் தகப்பனார்தான் என்று பாஷே ஒப்புக்கொண்டது. அப்படியானால் ஜூன் மாதம் அவரை விருந்தினர் என்று பதிந்தது யார்? வீடு. ஆகவே வீடே பொய் அறிவிப்பு செய்திருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டாவது பொய். சிவப்பு. சிவப்பு வீட்டில் புதிதாக யாரையும் குடும்பமாகச் சேர்க்க முடியாது. பழைய விருந்தினர் பதிவும் பொய் என்று ஆனதால் அது இன்றோடு ரத்து.

தீப்தியிடம் கத்தினேன். நீதானேடி அழுத்தினே! நீதானே! அவளும் அழுதுவிட்டாள். "ஆன்ட்டி, பதிவு உங்க போன்ல இருந்து போயிருக்கு. ஒப்புதல் உங்களோடதுன்னுதான் காட்டுது. எனக்கு மாத்த அதிகாரம் இல்ல. யாருக்கு இருக்குன்னும் தெரியல."

அவர் என் அப்பா இல்லை என்றபோது மஞ்சள். அப்பாதான் என்றபோது சிவப்பு. என்னதான் சொல்லியிருக்கணும் நான்?

நவம்பர் 22, வெள்ளி

அப்பாவை வெளியே விட்டுவிட்டு உள்ளே விட மறுத்துவிட்டார்கள்.

காலையில் வழக்கம்போல் லேக் பக்கம் நடக்கப் போயிருக்கிறார். வெளியே போக யாரும் தடுப்பதில்லை. திரும்பி வந்தால் கதவு திறக்கவில்லை. அவருடைய முகத்துக்கு இனி இங்கே பெயர் இல்லை. எனக்குச் செய்திகூட வரவில்லை. முதியோர் கவனமும் பதிவோடு போய்விட்டதே. வேறு வீட்டு வேலைக்கு வந்த மாலதி வாசலில் பார்த்து ஓடிவந்து சொன்னாள். நான் இறங்கிப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று சிரித்தார். "ஒண்ணுமில்லட்டீ, மெஷின் மக்கர் பண்ணுது போல."

நிதாய் கைகூப்பினான். "பௌதி, நான் திறந்தா என் வேலை போயிடும். லிஃப்டும் நகராது. வருகையா அழைங்க, ரெண்டு மணி நேரம் வரட்டும்."

எனக்கு அலற வேண்டும் போல் இருந்தது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலற வேண்டும். வாசல் மைக் என் தலைக்கு மேல் இருந்தது. குரலை உயர்த்தினால் இன்னும் குறையும்; இந்த நான்கு வருகையும் போகும். அதனால் மெதுவாகப் பேசினேன். என் அப்பாவை என் வீட்டுக்குள் விடுங்கள் என்று, பக்கத்தில் குழந்தை தூங்குகிறாற்போல், மெதுவாக, கெஞ்சிக் கேட்டேன். அந்த விதிக்குக் கை தூக்கியவள்தானே நான்.

இரண்டு மணி நேர வருகைக்கு அழைத்தேன். அவர் மாத்திரை, வேட்டி, மூக்குக் கண்ணாடி, ரேடியோ எல்லாவற்றையும் பையில் வைத்தோம். ஜெயந்த் ஆபீஸில் இருந்து ஓடிவந்து கூட்டிப் போனார்.

நவம்பர் 23, சனி

எங்கே போவது என்று பார்த்தால், எங்கும் இல்லை. இந்தப் பக்கத்து வாடகை வீடுகள், லாட்ஜுகள் எல்லாம் முகத்தை வைத்துப் பாஷேயில் பார்க்கின்றன. 'பதிவு ரத்து' என்று வருகிறது. காரணம் கேட்டுப் படிக்க யாருக்கும் நேரமில்லை. நேற்று ராத்திரி சிபிதான் தன் அறையில் படுக்க வைத்தான். ஜாதவ்பூர் ரயில் நிலையத்துப் பின்னால் பழைய வீடு, மூன்று தமிழ்ப் பையன்கள், வீட்டுக்காரக் கிழவருக்கு ஸ்மார்ட்போனே கிடையாது. "தாத்தா எங்களோட இருக்கட்டும்க்கா. ஒரு கட்டில் போட்டாப் போச்சு."

சோறு போட்டதற்கு அந்தப் பையனால்தான் இத்தனையும் வந்தது என்று ஒரு நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இன்று அவனுக்குத் தலையணை உறை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

வக்கீலைப் பார்த்தோம். யாரும் வலுக்கட்டாயமாக எதையும் செய்யவில்லையே என்றார். ஒவ்வொரு விதியும் பொதுக்குழுவில் நிறைவேறியிருக்கிறது, நீங்களும் வாக்களித்திருக்கிறீர்கள், உங்களை வீட்டுக்குள் போக யாரும் தடுக்கவில்லை. வழக்குப் போடலாம், வருஷங்கள் ஆகும், வழக்கு நடக்கிறவரை நிறம் அப்படியே இருக்கும். வீட்டை விற்கலாமா என்றார் ஜெயந்த். சிவப்பு வீட்டை விற்கச் சங்கம் தடையில்லாக் கடிதம் தர வேண்டும், அது சிவப்புக்குக் கிடைக்காது. வக்கீல் இதையெல்லாம் வருத்தத்தோடுதான் சொன்னார். தன் குடியிருப்பிலும் பாஷேதான் என்றார்.

டிசம்பர் 8, ஞாயிறு

பொதுக்குழுவில் எழுந்து பேசினேன். எல்லாரும் தலை குனிந்து கேட்டார்கள். கோவிந்தராஜன் சார், "யசோதா சொல்றது அத்தனையும் நியாயம். ஆனா நிறம் போடறது நாங்க இல்லையேம்மா. ஒப்பந்தத்துல கமிட்டி தலையிடக் கூடாதுன்னு இருக்கு. தலையிட்டா ஆளுக்கு ஆள் சலுகைன்னு ஆயிடும்னு நாமதானே கேட்டோம்" என்றார். நிற விதியை ரத்து செய்ய வாக்கெடுப்பு. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் ரத்து செய்யச் சொன்னார்கள்! பிறகு எண்ணினார்கள். வராதவர்கள் எல்லோரும் இருக்கிற விதியை ஒப்புக்கொண்டவர்கள்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஜாதவ்பூர் போனேன். அப்பாவுக்குச் சளி. அந்த அறையில் வெயிலே விழாது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டும். பையன்கள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று அவர் ரேடியோ வைப்பதில்லை. "நல்லாத்தான் இருக்கேன், நீ ஒண்ணும் கெடந்து மறுகாத" என்றார். நான் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, ஆட்டோவில் ஏறி அழுதேன்.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கல். ஒரு வருகையை அப்பாவுக்கு வைத்திருந்தேன். வாசலில் இருந்து செய்தி வந்தது, அவர் படத்தோடு. சளியில் முகம் வற்றியிருந்தது.

பெயர்: மீனாட்சிசுந்தரம். உறவு: தெரிந்தவர்.

நிதாய் பின்னால் சொன்னான், அவனே "அப்பான்னு போடட்டுமா தாது?" என்று கேட்டானாம். அவனுக்கு அப்பா 'தாது', தாத்தா. அப்பா, "வேண்டாம்டே, அந்தப் பிள்ளைக்கு எதாவது வந்துரும். தெரிஞ்சவம்னு போடு" என்றாராம். நான் மேலே நின்று, அந்தப் படத்தைப் பார்த்து, 'சரி' அழுத்தினேன்.

சர்க்கரைப் பொங்கல், அவியல், உளுந்த வடை. பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது. எதிர்வீட்டுக்காரரைப் பார்க்க எழுந்தவர், மாடிப்படிக் கேமராவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கீதாஞ்சலிதி கதவைப் பாதி திறந்து கும்பிட்டுவிட்டு மூடிக்கொண்டாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. சோற்றைப் பிசைந்தபடி அப்பா கேட்டார், "மோர் விட்டுக்கிட நேரம் இருக்கா?"

இருக்குப்பா. இருக்கு. நிதானமாச் சாப்பிடுங்க.

நிதானமாகச் சாப்பிட நேரம் இல்லை. லிஃப்ட் வரை போனேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கீதாஞ்சலிதியின் தங்கை, கணவனை விட்டுவிட்டு வந்து அவள் வீட்டில் தங்கப் போகிறாளாம். கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பெயர் வேறு. உத்தரவாதம் கேட்டு என் போனுக்கு வந்தது. சிவப்பு வீடும் உத்தரவாதம் தரலாமாம். கெடுவதற்கு இன்னும் ஏதோ இருக்கிறதாம். போனைக் கவிழ்த்து வைத்தேன். பதில் சொல்லும் நேரம் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஜெயந்த் கேட்டார், அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லையே, இந்த வாரம் ஒரு தடவை கூப்பிடலாமா என்று. இந்த மாதம் இரண்டு வருகைதான் பாக்கி. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, அதற்கு ஒருவர் வர வேண்டும். இன்னொன்று அவசரத்துக்குக் கையில் இருக்கட்டும். அப்பா அடுத்த மாதம் வரட்டும் என்றேன்.